வெந்நீர் லிட்டர் என்ன விலை?

"சார், சூரியன் இலவசம். வருஷத்துல முந்நூறு நாள் வெயில் அடிக்குது. எங்க சோலார் ஹீட்டரை மொபைல்லயே கண்ட்ரோல் பண்ணலாம். நம்ம நாட்டுல கோடிக்கணக்கான வீடு இருக்கு. அதுல ஒரு சதவீதம் எங்ககிட்ட வாங்கினாக்கூட..."

"இரும்மா. எங்க ஊட்டு மொட்ட மாடியில இருவது வருசமா சோலார் ஹீட்டர் ஓடிட்டிருக்குது. இதுல புதுசா என்ன கண்டுபிடிச்சிருக்கீங்க?"

இடம் கோவை. பேசுவது பொறியியல் படித்து சொந்த நிறுவனம் தொடங்கியிருக்கும் ஓர் இளம்பெண். கேட்பவர், பம்ப்செட் தொழிலில் சம்பாதித்து இப்போது புதிய நிறுவனங்களில் பணம் போடும் ஒரு பெரியவர். இருவரும் என் கற்பனை. பின்னால் வரும் விடுதியும் அப்படித்தான். அந்த வெப்பக் கணக்கை மட்டும் யார் வேண்டுமானாலும் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

முதலீட்டாளரோடு லிஃப்டில் போகும் நேரத்துக்குள் தொழிலைச் சொல்லி முடிப்பதற்கு எலிவேட்டர் பிட்ச் என்று பெயர். முப்பது விநாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். கோவையில் பல லிஃப்டுகள் நாலாவது மாடியிலேயே நின்றுவிடும், ஆகவே இங்கே இன்னும் சுருக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்குள் யாரும் செக் எழுதிவிட மாட்டார்கள். 'சரி, உட்காருங்க, விவரமாச் சொல்லுங்க' என்று அவர் வாயிலிருந்து வந்தால் பிட்ச் வென்றது.

மேலே அந்தப் பெண் பேசியது தோற்ற பிட்ச். 'சந்தையில் ஒரு சதவீதம்' என்ற வாக்கியத்தைக் கேட்டதுமே அனுபவமுள்ள முதலீட்டாளரின் காது மூடிக்கொள்ளும். அந்த ஒரு சதவீதத்தை எந்தத் தெருவில், யாரிடம், என்ன விலைக்குப் பிடிப்பது என்பதற்கு அதில் பதில் கிடையாது. மொபைல் ஆப் அதைவிட மோசம். குளிக்கப் போகிறவருக்குத் தண்ணீர் சூடாக வந்தால் போதும்.

'புதுசா என்ன' என்று அவர் கேட்டதும் சரியான கேள்வி. அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப் சூரிய வெந்நீர்ச் சாதனத்துக்குக் காப்புரிமை வாங்கியது 1891-ல். கண்ணாடி மூடிய பெட்டிக்குள் நீர்த்தொட்டிகளை வைத்திருந்தார். பகலில் சூடேறும், இரவில் ஆறிவிடும். 1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி தொட்டியை வெயில் வாங்கும் பகுதியிலிருந்து பிரித்தார். வெப்பம் வெளியேறாதபடி தொட்டிக்குப் போர்வை போட்டார். மறுநாள் காலையிலும் வெந்நீர் வந்தது, வியாபாரமும் நன்றாக நடந்தது. அப்புறம் 1920-களில் அந்தப் பகுதியில் இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைக்கத் தொடங்கவே வியாபாரம் படுத்துவிட்டது. சாதனத்தில் ஒரு குறையும் இல்லை, எதிராளியின் விலை குறைந்தது, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் பணம் போடுகிறவர் அதனால்தான் தொழில்நுட்பத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. எதைவிட மலிவு, எத்தனை நாளைக்கு மலிவு என்றுதான் கேட்பார்.

வீடுகளை விட்டுவிட வேண்டியதற்கும் காரணம் உண்டு. பெங்களூருவில் 2007 வாக்கிலேயே குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்குச் சோலார் ஹீட்டரைக் கட்டாயமாக்கினார்கள். வைத்திருப்பவர்களுக்கு மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு ஐம்பது பைசா, மாதம் ஐம்பது ரூபாய் வரைக்கும் தள்ளுபடி தந்தார்கள். அந்தச் சந்தையில் ஏற்கெனவே ஏகப்பட்ட கம்பெனிகள் விலையைக் குறைத்துக்கொண்டு நிற்கின்றன. மத்திய அரசு தந்துவந்த 30 சதவீத மானியமும் 2014-ல் நின்றுபோனது. புதிதாக வருகிறவர் இங்கே நுழைந்து என்ன செய்வார்?

அந்தப் பெண் இரண்டாம் முறை இப்படிப் பேசுகிறார்:

"சார், நாங்க ஹீட்டர் விக்கல, வெந்நீர் விக்கறோம். நூறு பேர் தங்கற லேடீஸ் ஹாஸ்டல்ல கீசர் வெந்நீர் லிட்டருக்கு 37 பைசா ஆகுது. நாங்க எங்க செலவுல மாடியில சோலார் போட்டு, மீட்டர் வச்சு, 27 பைசாவுக்குத் தர்றோம். ஹாஸ்டல்காரங்க முதல் போட வேண்டியதில்ல. ரிப்பேர் எங்க பொறுப்பு. பத்து ஹாஸ்டலுக்கு நாற்பது லட்சம் வேணும்."

இருபது விநாடி. வாடிக்கையாளர் யார், இப்போது என்ன செலவாகிறது, நாம் என்ன விலை, பணம் எவ்வளவு என்று நான்கும் வந்துவிட்டன. பெரியவர் லிஃப்டை விட்டு இறங்கியதும் பையிலிருந்து பேனாவை எடுக்கிறார். சந்தேகப்படுகிறவர் பேனாவை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிதான் கடினம்.

"37 பைசா எங்கிருந்து வந்துச்சும்மா?"

ஒருவர் குளிக்க 40 டிகிரி சூட்டில் 30 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மேல்தொட்டித் தண்ணீர் 25 டிகிரி. ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். 30 லிட்டரை 15 டிகிரி ஏற்ற 450. நூறு பேருக்கு 45,000 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆக 52 யூனிட். கீசரில் வெப்பம் கொஞ்சம் வீணாவதைச் சேர்த்து 60 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்றால் நாளுக்கு 480 ரூபாய்.

வெந்நீரை 60 டிகிரியில் தேக்கி, குளிக்கும்போது பச்சைத் தண்ணீரோடு கலந்துகொள்வது வழக்கம். 45,000 கிலோ கலோரியை 60 டிகிரித் தண்ணீராக மாற்றினால் சுமார் 1,300 லிட்டர். 480 ரூபாயை 1,300-ஆல் வகுத்தால் 37 பைசா.

இனி வெயில் பக்கம். நம் ஊரில் ஒரு சதுர மீட்டரில் நல்ல நாளில் சுமார் ஐந்து யூனிட் அளவு வெயில் விழுகிறது. சோலார் ஹீட்டர் அதில் ஏறக்குறைய பாதியை வெந்நீராக்கும். 30 சதுர மீட்டர் போட்டால் 75 யூனிட் கிடைக்கும். தேவை 52, மிச்சம் இரவில் தொட்டியிலும் குழாயிலும் கசிந்துபோகும். தொட்டி 1,500 லிட்டர், நிரம்பினால் ஒன்றரை டன். அதனால் தொட்டியைத் தளத்தின் நடுவில் வைக்காமல் உத்திரத்தின் மேல், தூண்களுக்கு நேராக வைக்க வேண்டும்.

பெரியவர் தலையாட்டுகிறார். கணக்கு சரிதான், லாபம் எங்கே என்பதுதான் அவர் அடுத்துப் பார்ப்பது.

குழாய், பம்ப், மீட்டர் எல்லாம் சேர்த்து ஒரு விடுதிக்கு நாலு லட்சம் என்கிறார் அந்தப் பெண். வருஷத்தில் எத்தனை நாள் விற்கும்? ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடும். அக்டோபர், நவம்பரில் மழை. ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும், ஆனால் அப்போது வெந்நீரில் குளிக்க ஆள் குறைவு. வெயில் மிகுந்த மாதத்தில் கிராக்கி இல்லை, கிராக்கி உள்ள மாதத்தில் மேகம். இந்தத் தொழிலின் பிறவிக் கோளாறு இது. முழு அளவு விற்கும் நாட்கள் 250 என்று அந்தப் பெண் எடுத்துக்கொள்கிறார். 1,300 லிட்டர், 27 பைசா, 250 நாள் என்றால் வருஷத்துக்கு 87,750 ரூபாய். பராமரிப்புக்கு 15,000 போனால் 72,750. நாலு லட்சத்துக்கு 12 சதவீத வட்டி 48,000.

"மிச்சம் இருவத்தஞ்சாயிரம் கூட இல்லையேம்மா. அதுக்கு நான் பேங்க்குலயே போட்டுட்டு நிம்மதியாத் தூங்குவனே."

இங்கேதான் பல பிட்சுகள் உடைகின்றன. சிலர் இந்த இடத்தில் மறுபடியும் 'சந்தை பெரிசு சார்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பெண் நல்லவேளையாக அப்படிச் செய்யவில்லை. "ஒரு ஹாஸ்டலா பார்த்தா அவ்வளவுதான் சார். மூணு விஷயத்தை மாத்தினா கணக்கு மாறும்" என்கிறார்.

முதலாவது அட்வான்ஸ். மாணவியிடம் அட்வான்ஸ் வாங்கும் விடுதிக்காரர், தானும் ஒரு லட்சம் அட்வான்ஸ் தரச் சம்மதிப்பார் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை. முதல் மூன்று லட்சமாகக் குறையும். இரண்டாவது சமையலறை. சோறு வடிக்க உலை வைக்கும் தண்ணீர் 25 டிகிரிக்குப் பதில் 60 டிகிரியில் கிடைத்தால், கொதிநிலை வரை ஏற்றும் எரிவாயுச் செலவில் கிட்டத்தட்ட பாதி மிச்சம். ஏப்ரல், மே மாத வெந்நீருக்கு அங்கே வேலை உண்டு. பாத்திரம் கழுவவும் போகும். 250 நாள் 300 நாளாகலாம். மூன்றாவது, பத்து விடுதிகளையும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் பிடிப்பது. ஒரே மெக்கானிக் பைக்கிலேயே சுற்றிவந்தால் பராமரிப்புச் செலவு விடுதிக்கு 9,000 ஆகும். இப்போது வரவு 1,05,300. செலவு போக 96,300. மூன்று லட்சம் முதலுக்கு மூன்றேகால் வருஷத்துக்குள் பணம் திரும்பிவிடும்.

பெரியவர் இந்த எண்ணை எழுதிக்கொள்கிறார். நம்பிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பம்ப்செட்காரருக்குத் தண்ணீரைத் தெரியும்.

"போர் தண்ணிதானே? உப்பு புடிக்குமே?"

சிறுவாணித் தண்ணீர் ருசிக்குப் பேர்போனது, உப்பும் குறைவு. நூறு பேர் குளிக்கும் விடுதி அதை மட்டும் நம்பியிருக்க முடியாது, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான் மேலே ஏறும். கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்வோம். வேறு வழியில்லாதபோது குடிநீருக்கு இந்தியத் தரநிலை அனுமதிக்கும் எல்லை அது. நாளுக்கு 1,300 லிட்டர் என்றால் முக்கால் கிலோவுக்கும் மேல். 250 நாளில் 195 கிலோ சுண்ணாம்பு அந்தச் சாதனத்தின் வழியே போகிறது. அதில் பத்தில் ஒரு பங்கு படிந்தாலும் வருஷத்துக்கு இருபது கிலோ. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். இந்தச் சுண்ணாம்பு தலைகீழ், சூடு ஏற ஏறக் கரையாமல் பிரிந்து படியும்.

எங்கே படிகிறது என்பது சாதனத்தைப் பொறுத்தது. பழைய தட்டை வகையில் கறுப்புத் தகட்டோடு ஒட்டிய மெல்லிய செப்புக் குழாய்களுக்குள் தண்ணீர் ஓடும். உப்பு பிடித்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். இப்போது அதிகம் விற்பது கண்ணாடிக் குழாய் வகை. ஃபிளாஸ்க் போல இரண்டு கண்ணாடிச் சுவர்கள், நடுவே காற்று உறிஞ்சிய வெற்றிடம். இரண்டு வகையிலும் சூடான நீர் இலேசாகி மேலே உள்ள தொட்டிக்கு ஏறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். தொட்டி மேலே இருக்கும்வரை அதற்குப் பம்ப் வேண்டாம். கண்ணாடிக் குழாயின் அடியில் சுண்ணாம்பு சேறாகத் தங்கும். சில மாதங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. பிறகு, அதே வெயிலில் தண்ணீர் மட்டும் நாலைந்து டிகிரி குறைவாக வரும்.

தொடக்கத்தில் 'மொபைல் ஆப்' என்று வீணாகச் சொல்லப்பட்ட விஷயம் இந்த இடத்தில்தான் காசு பெறுகிறது. உள்ளே வரும் தண்ணீரின் சூடு, வெளியே போகும் தண்ணீரின் சூடு, எத்தனை லிட்டர் என்று மூன்றையும் அந்தப் பெண்ணின் மீட்டர் பதிகிறது. பக்கத்துத் தெரு விடுதியில் அதே நாளில் 60 டிகிரி, இங்கே 54 என்றால் வெயிலைக் குறைசொல்ல முடியாது. மெக்கானிக் போய்ப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயின் அடிமுனையில் கண்ணாடி போல மின்னும் வெள்ளிப்பூச்சு உண்டு. அது வெள்ளையாக மாறியிருந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். வெயில் நேரத்தில் வெளிச்சுவரைத் தொட்டாலே சுடும். அந்தக் குழாயை மாற்றினால் போதும். பூச்சு நன்றாக இருந்தும் சூடு குறைந்தால் உப்புதான் காரணம். சல்ஃபாமிக் அமிலக் கரைசலால் கழுவ வேண்டும். உப்பு மிகுந்த இடங்களில் தொடக்கத்திலேயே தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரம் வைப்பது நல்லது. இல்லையேல் வெயில் பக்கம் நல்ல தண்ணீரை மட்டும் சுற்றவிட்டு, போர் தண்ணீருக்குச் சூட்டை மட்டும் கடத்தும் முறைக்குப் போகலாம். இரண்டுக்கும் கூடுதல் செலவு உண்டு, இரண்டாவதில் வெப்பமும் கொஞ்சம் குறையும்.

இன்னொரு ஆபத்தைப் பெரியவர் கேட்கவில்லை, அந்தப் பெண்ணே சொல்லிவிடுகிறார். கரண்ட் போய் மோட்டார் ஓடாமல், நடுப்பகலில் தண்ணீர் தீர்ந்துவிட்டால், காலிக் கண்ணாடிக் குழாய் 200 டிகிரிக்கு மேல் காயும். அப்போது யாராவது அவசரமாகத் தண்ணீரைத் திறந்துவிட்டால் குழாய் பட்டென்று வெடிக்கும். சூரியன் இறங்கிய பிறகுதான் நிரப்ப வேண்டும். இது விடுதியின் வாட்ச்மேனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேலாளருக்குத் தெரிந்து பயனில்லை, வால்வைத் திறப்பவர் அவரல்ல. தானே முன்வந்து சொன்ன இந்தக் குறைதான் அந்தப் பெண்ணுக்கு அதிக மதிப்பெண் வாங்கித் தந்திருக்கும் என்று நினைக்கிறேன். குறையைச் சொல்லத் தெரிந்தவர் மாடியில் நின்று வேலை பார்த்தவர்.

"மழ நாள்ல என்ன பண்ணுவீங்க?"

தொட்டிக்குள் மின்சாரக் காயில் இருக்கும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் அது ஓடும்படி டைமர் வைத்திருக்கிறார்கள். முன்னிரவிலேயே ஓடினால் மறுநாள் வெயிலுக்கு வேலையில்லாமல் போகும். காயில் இழுக்கும் மின்சாரம் விடுதியின் கணக்கில் ஏறும். அதனால் மழை நாளில் மின்கட்டணமும் கட்டி, வெந்நீருக்கு 27 பைசாவும் கட்டினால் விடுதிக்காரர் சண்டைக்கு வருவார். மீட்டர் லிட்டரை மட்டும் எண்ணாமல் வெயில் ஏற்றிய டிகிரியையும் சேர்த்து எண்ண வேண்டியது இதற்காகத்தான். காயில் ஓடத் தொடங்குவதற்கு முன் தொட்டியில் என்ன சூடு இருந்ததோ அதுவரைக்கும்தான் கட்டணம். 25-லிருந்து 60-க்கு ஏற்றினால் முழுக் காசு, பாதிதான் ஏறியிருந்தால் பாதிக் காசு.

அடுத்த கேள்வி கூர்மையானது. "சோலார் கரண்ட்டுக்குத்தான் கவர்ன்மெண்ட் மானியம் குடுக்குதே. பேனல் போட்டு, ஹீட் பம்ப் வச்சா உங்க குழாய் எதுக்கு?"

2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்பது உண்மை. அது வீடுகளுக்கானது. ஆனால் கேள்வியின் சாரம் மானியத்தில் இல்லை. மின்சாரப் பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், வெந்நீர்க் குழாய் பாதியை வெப்பமாக்கும். இத்தனை காலம் சோலார் ஹீட்டர்காரர்கள் இதைச் சொல்லியே ஜெயித்தார்கள். ஹீட் பம்ப் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை இழுப்பதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அது ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தரும். ஐந்தில் ஒன்றை மூன்றால் பெருக்கினால் ஐந்தில் மூன்று. குழாய் பின்தங்கிவிடுகிறது.

"உண்மைதான் சார். இன்னிக்கு ஹீட் பம்ப்போட முதல் அதிகம், கம்ப்ரசர் ரிப்பேரும் உண்டு. நாளைக்கு விலை இறங்கினா நாங்க அதையே வைப்போம். உசரமான பில்டிங்ல மாடி இடம் பத்தாதுன்னா இப்பவே அதுதான். அக்ரிமெண்ட்ல குழாய்னு எழுதல சார், வெந்நீர்னுதான் எழுதியிருக்கோம்."

'ஹீட்டர் விக்கல, வெந்நீர் விக்கறோம்' என்று லிஃப்டில் சொன்ன வாக்கியத்தின் முழு எடையும் இப்போதுதான் தெரிகிறது. பெய்லியின் கம்பெனி சாதனத்தை விற்றது, எரிவாயு வந்ததும் வாங்க ஆளில்லை. வெந்நீரை விற்கிறவருக்கு எரிபொருள் மாறினால் செலவுக் கணக்குதான் மாறும், வாடிக்கையாளர் அப்படியே இருப்பார்.

பெரியவர் பேனாவை மூடவில்லை. "அக்ரிமெண்ட் எத்தன வருசம்?"

"ஏழு வருஷம் சார்."

"ஹாஸ்டல் நடத்தறவரு அந்தக் கட்டடத்துல வாடகைக்குத்தானே இருக்காரு? அவரு அக்ரிமெண்ட் பதினோரு மாசமா இருக்கும். அவரு காலி பண்ணிட்டா உங்க ஒன்றரை டன் தொட்டிய யாரு கீழ இறக்குவா?"

வாடகை ஒப்பந்தங்களைப் பதினோரு மாதத்துக்குப் போட்டுப் புதுப்பிப்பது நம் ஊர் வழக்கம். பதினோரு மாத உரிமை உள்ளவரிடம் ஏழு வருஷக் கையெழுத்து வாங்கினால், மூன்றேகால் வருஷத்தில் முதல் திரும்பும் என்ற கணக்குக்கு அஸ்திவாரமே இல்லை. அந்தப் பெண் இதை யோசித்திருக்கவில்லை. ஒரு கணம் மௌனமாகி, "கட்டட ஓனரையும் சேர்த்து மூணு பேர் கையெழுத்தா மாத்தறேன் சார். இல்லன்னா சொந்தக் கட்டடத்துல இருக்கற காலேஜ் ஹாஸ்டல், நர்ஸிங் ஹாஸ்டல் மட்டும் எடுக்கறேன்" என்கிறார். காலேஜ் விடுதி என்றால் கோடை விடுமுறையில் ஆள் இருக்காது, 300 நாள் கணக்கை மறுபடி போட வேண்டிவரும். இரண்டில் எதை எடுத்தாலும் ஓரிடத்தில் இடிக்கும்.

"ஒரே ஒரு ஹாஸ்டல்ல வைங்க. அதுக்கு மட்டும் நான் தர்றேன். ஜூன், ஜூலை ரெண்டு மாச மீட்டர் ரீடிங்கும், பில்டிங் ஓனர் கையெழுத்துப் போட்ட பேப்பரும் எடுத்துட்டு ஆகஸ்ட்ல வாங்க. மத்த ஒம்பதப் பத்தி அப்பப் பேசலாம்."

அவர் ஏப்ரல், மே ரீடிங் கேட்கவில்லை.